வரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு

"பத்து மணி பஸ் பதினொன்றரைக்கு வந்தது. என்ன ஓர் அருமையான சேவை! /s"

கடைசியில் நிற்கும் அந்தச் சாய்கோட்டையும் எழுத்தையும் நம்மில் பலர் தினமும் பார்க்கிறோம். 'மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கிண்டலுக்குச் சொன்னது' என்பது அதன் பொருள். இதற்கு ஒரு குடும்பமே இருக்கிறது. /j என்றால் வேடிக்கை, /srs என்றால் உண்மையாகவே சொல்கிறேன், /gen என்றால் மனதாரக் கேட்கிறேன், /lh என்றால் லேசாக எடுத்துக்கொள். தமிழில் இவற்றைத் தொனிக்குறிகள் எனலாம். பெரியவர்கள் பலருக்கு இவை பிடிப்பதில்லை. "நகைச்சுவையை விளக்க வேண்டியிருந்தால் அது என்ன நகைச்சுவை? உங்களுக்கு ஒழுங்காக எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்கிறார்கள். எழுதத் தெரியாததால்தான் இந்தக் குறி வந்தது என்ற இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது, ஔவையாருக்கும்கூட.

புறநானூற்றின் 95-ஆம் பாடலை இடைநிலைப்பள்ளியில் இலக்கியம் எடுத்தவர்கள் அறிந்திருப்பார்கள். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தன் படைபலத்தைக் காட்டி மிரட்ட நினைத்த தொண்டைமான், அவரை ஆயுதக் கொட்டிலுக்கு அழைத்துச் செல்கிறான். ஔவையார் பார்த்துவிட்டுச் சொல்வதன் சாரம் இதுதான்: உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து, எப்போதும் கொல்லனின் சிறிய பட்டறையிலேயே கிடக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தொண்டைமானுக்குப் பாராட்டு. அவன் பொருள்கள் பளபளக்கின்றன, அதியமானுடையவை உடைந்து கிடக்கின்றன. உண்மையில் அவர் சொல்வது நேர் எதிரானது. உன் வேல்கள் போரையே பார்த்ததில்லை, அவனுடையவை ஓய்ந்ததில்லை. இப்படிப் புகழ்வதுபோலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று படித்திருக்கிறோம்.

அது கிண்டல் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? பாட்டுக்குள் அதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் இல்லை. கொட்டிலில் நின்ற தொண்டைமானுக்கு அது தேவைப்படவும் இல்லை. வந்திருப்பவர் யாருடைய தூதர், எதற்காக வந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அவர் முகமும் குரலும் எதிரிலேயே இருக்கின்றன. பல நூற்றாண்டு கழித்து ஏட்டில் படிப்பவருக்கோ இவை எதுவுமே கிடையாது. அதனால் தொகுத்தவர்கள் பாட்டின் கீழே ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். திணை பாடாண், துறை வாண்மங்கலம், அதியமான் தூதனுப்பத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட அவர் பாடியது என்கிறது அது. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். 'யாரோ யாருடைய ஆயுதங்களையோ வர்ணிக்கிறார்கள்' என்பதோடு அவர் நின்றுவிடக்கூடும்.

பாட்டு எழுத்தாகி, பேசிய இடத்தை விட்டு வெளியே போனவுடன் அதன் கீழே ஒரு குறிப்பு தேவைப்பட்டது. புலனத்தில் நாம் அனுப்பும் செய்திக்கும் அதே கதிதான். ஒரே வித்தியாசம், நம் செய்தி அனுப்பிய கணமே அந்த இடத்தை விட்டு வெளியே போய்விடுகிறது.

தம்பின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த 'வெளியே போவது' நன்றாகப் புரியும். தோட்டத்தில் இப்போது இருக்கும் குடும்பங்கள் சில. சிரம்பான், கோலாலம்பூர், ஜொகூர் என்று போய்விட்டவர்கள் பல. எல்லோரையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு புலனக் குழு. ஒரு வருடம் கோயில் திருவிழா அன்று மழையில் பந்தல் ஒழுகி, அன்னதானச் சோற்றிலேயே தண்ணீர் விழுந்தது. பந்தலுக்கு அடியில் நனைந்துகொண்டே ஓர் அண்ணன் குழுவில் எழுதினார்: "இந்த வருசம் ஏற்பாடு பிரமாதம்." அங்கே நனைந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜொகூரில் இருந்த அத்தை ஒருவர், "ரொம்ப சந்தோசம் தம்பி, அம்மன் அருள்" என்று பதில் போட்டார். அவரைப் பின்பற்றி இன்னும் பத்துப் பேர் வாழ்த்தினார்கள். பந்தலுக்குப் பொறுப்பேற்றிருந்த மாமாவுக்கோ, ஊரே சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறது என்று தோன்றிவிட்டது. வரி ஒன்றுதான். மழையைப் பார்த்தவர், பார்க்காதவர், பந்தல் போட்டவர் என்று மூன்று வாசகர்கள், மூன்று பொருள்கள்.

இதில் அந்த அண்ணனைக் குறை சொல்வது சுலபம். ஆனால் எழுதுகிறவர் காதில் அவருடைய குரலே ஒலித்துக்கொண்டிருப்பதால், படிக்கிறவருக்கும் அது கேட்கும் என்று அவர் நம்பிவிடுகிறார். இதை 2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்டோர் ஓர் ஆய்வில் அளந்து காட்டினார்கள். கலந்துகொண்டவர்கள் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை உண்மையாகவும் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். சிலர் குரலில் சொன்னார்கள், சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எந்த வழியானாலும் 100-க்கு 78 சரியாகப் போய்ச்சேரும் என்று அனுப்பியவர்கள் கணித்தார்கள். குரலில் 73 சேர்ந்தது. மின்னஞ்சலில் 56 மட்டுமே. படிக்காமலே நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால்கூட 50 சரியாக வந்திருக்கும்! நண்பர்களுக்குள் அனுப்பியபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 'என் தோழிக்கு நான் சொல்வது புரியும்' என்ற நம்பிக்கைக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

சரி, இதற்குத்தான் சிரிக்கும் முகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை பிறந்ததும் இதே காரணத்துக்காகத்தான். 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், மின்தூக்கி ஒன்றில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதினார். அதைச் சிலர் நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர், வேடிக்கைக்கு :-) என்றும், வேடிக்கை அல்லாததற்கு :-( என்றும் போடலாம் என்று முன்மொழிந்தார்.

ஆனால் முகம் என்பது பழகப் பழகப் பொருள் மாறும். பெரியம்மா அனுப்பும் சாதாரணப் புன்னகை முகம் நமக்கு எரிச்சலை அடக்கிக்கொண்ட சிரிப்பாகத் தெரிகிறது. அப்பா போடும் கட்டைவிரல் அவருக்குச் சம்மதம், நமக்கோ 'பேச்சை முடி' என்பதுபோல் இருக்கிறது. தொனிக்குறி முகத்தைக் காட்டி ஊகிக்கச் சொல்வதில்லை, நேராகவே சொல்லிவிடுகிறது. வலைப்பக்கம் எழுதும் மொழியில் ஒரு பகுதி முடியும் இடத்தில் சாய்கோடு வரும். அதை வைத்துக் கணினிக்காரர்கள் இப்படி விளையாடினார்கள்:

```
<sarcasm>என்ன ஓர் அருமையான சேவை!</sarcasm>
```

தொடக்கம் உதிர்ந்து, முடிவும் தேய்ந்து, /s மட்டும் மிஞ்சியது. தொனியை ஊகிப்பது இயல்பிலேயே கடினமாக இருக்கும் ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்கு, இந்த நேரடித்தன்மை பெரிய நிம்மதி.

நமக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருப்பதாக நினைக்கிறேன். பேச்சுத் தமிழில் இந்த வேலையைச் செய்யும் சொற்கள் வாக்கியத்தின் கடைசியிலேயே இருக்கின்றன. 'நல்லா செஞ்ச' என்பது பாராட்டு. 'நல்லா செஞ்ச போ' என்றால் கதை வேறு. 'அவரு பெரிய அறிவாளி' என்பதற்கும் 'அவரு பெரிய அறிவாளியாம்' என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு 'ஆம்' மட்டுமே. 'நீ பெரிய மேனேஜராக்கும்' என்பதில் உள்ள 'ஆக்கும்' எந்த /s-க்கும் குறைந்ததல்ல. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கும் மாறுகிறவர்கள் நாம். நண்பர்களுக்குப் பாதிச் செய்தியை அந்த மொழிகளில்தான் எழுதுகிறோம். கிண்டல் தமிழில் தோன்றுகிறது, எழுதும்போது 'போ'வும் 'ஆக்கும்'மும் உதிர்ந்துவிடுகின்றன. மலாயில் எழுதும்போது 'லா' கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்த வெற்றிடத்தில் /s வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்காக எல்லா வரியிலும் அதை ஒட்டச் சொல்லவில்லை. எல்லோரும் மழையில் நின்றிருந்தால் குறி வேண்டாம். ஒருவராவது ஜொகூரில் இருந்தால் வேண்டும். நெருக்கம் அளவுகோல் அல்ல, படிப்பவருக்குச் சூழல் தெரியுமா என்பதே கேள்வி. குறியும் தவறாகப் போகலாம். /s என்பதை 'சீரியஸ்' என்று படிப்பவர்கள் உண்டு, அப்போது பொருள் தலைகீழாகிவிடும். வீட்டுக் குழுவிலோ அது வெறும் தட்டச்சுப் பிழையாகத்தான் தெரியும். அந்த அத்தைக்கு எழுதுவதானால் 'சும்மா சொன்னேன் அத்தை, இங்கே பந்தல் ஒழுகுது' என்பதே சரியான தொனிக்குறி.

எனக்கு உண்மையாகவே பிடிக்காதது ஒன்று உண்டு. ஒரு தோழியின் நிறத்தைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ எழுதிவிட்டுக் கடைசியில் /j போடுவது. அங்கே குறி எதையும் விளக்கவில்லை, தப்பிக்க வழி மட்டும் வைக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கிண்டலில் சொன்னதற்கு எதிரான பொருள் ஒன்று இருக்க வேண்டும். 'அருமையான சேவை' என்பதற்கு எதிரே 'மோசமான சேவை' நிற்கிறது. தோழியைப் பற்றிய வரிக்கு எதிரே அப்படி எதுவும் நிற்காது. குறியை எடுத்தாலும் போட்டாலும் அவள் படிப்பது அதே வசைதான்.

குறி தேவையா என்று சந்தேகமாக இருந்தால், அதே ஆய்வாளர்கள் செய்து பார்த்த ஒரு வழி இருக்கிறது. அனுப்பும் முன், நினைத்த தொனிக்கு நேர் எதிரான தொனியில் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர்களுக்குத் தங்கள் வரி எல்லோருக்கும் புரியும் என்ற அதீத நம்பிக்கை குறைந்தது. 'இந்த வருசம் ஏற்பாடு பிரமாதம்' என்பதை, அம்மன் முன்னால் நின்று சொல்வதுபோல் பக்தியோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அத்தை அதை எப்படிப் படித்தார் என்று காதிலேயே கேட்கும்.