‘பார்க்கப்படும்’ எண்டால் ஆர் பார்க்கிறது?

எங்கட கழகங்கள், வாசிகசாலைகள், மாணவர் ஒன்றியங்களின் கூட்டக் குறிப்புகளில் ஒரு சொல் அடிக்கடி வரும்: ‘பார்க்கப்படும்’. ஆர் பார்க்கிறது? அது மட்டும் இருக்காது. இலக்கணப்படி அதில் பிழையில்லை. கூட்டத்தில் ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை என்பதை மரியாதையாக மறைக்கிற சொல் அது.

2025 மார்ச் 12, புதன்கிழமை ஒரு கூட்டம் நடந்தது என்று வைப்போம். குறிப்பின் வரைவு இது:

“மண்டபம் தொடர்பாகச் செயலாளர் பொருளாளருடன் கதைத்தார். அவர் முற்பணம் கட்டுவார். அழைப்பிதழ்கள் அடுத்த வெள்ளிக்குள் அடிக்கப்படும்.”

வாசிக்க எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். ஆனால் ‘அவர்’ ஆர்? எங்கட ‘அவர்’ ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். செயலாளர் கட்டுவார் என்று பொருளாளர் இருப்பார், பொருளாளர் கட்டுவார் என்று செயலாளர் இருப்பார். மண்டபம் வேறு ஆருக்கோ போய்விடும். ஆகவே ‘அவர்’, ‘அது’, ‘இது’ வருகிற இடங்களில் நின்று, அதற்கு முன் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு வாசியுங்கோ. இரண்டு பெயர் பொருந்தினால் பெயரையே திருப்பி எழுதுங்கோ. ‘கூறியது கூறல்’ குற்றம் என்று படிச்சது உண்மைதான். அந்தக் குற்றத்தைக் கூட்டக் குறிப்பில் துணிந்து செய்யலாம்.

‘அடுத்த வெள்ளி’ 14ஆம் திகதியா, 21ஆம் திகதியா? புதன்கிழமை அப்படிச் சொன்னால் பாதிப்பேர் ஒன்றை நினைப்பினம், மிச்சப்பேர் மற்றதை. ‘வெள்ளிக்குள்’ என்பதில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அடங்குமா என்பது இன்னொரு சண்டை. கிழமை, திகதி, நேரம் மூன்றையும் எழுதினால் சண்டையே இல்லை.

‘அடிக்கப்படும்’ என்பதற்கு ஆள் வேணும், அதுவும் ஒரே ஆள். ‘குழு செய்யும்’ என்றால் ஒருவரும் செய்யப்போவதில்லை. கடைசி இரவில் அந்த வேலை வயதில் குறைந்த ஆளின், ‘ஏலாது’ என்று சொல்லத் தெரியாத ஆளின் தலையில் விழும். செய்து முடித்தாலும் குறிப்பில் பெயர் இல்லை, பிழைத்தால் மட்டும் பெயர் வரும். இதைத்தான் மொழிப் பிரச்சினை என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறம்.

திருத்தினால் இப்படி வரும்: “பொருளாளர் மார்ச் 14, வெள்ளி பி.ப. 4 மணிக்கு முன் மண்டப முற்பணத்தைக் கட்டுவார். அழைப்பிதழ் அடிக்க ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை.”

இரண்டாவது வசனம் குத்தும். குத்தட்டும். கூட்டம் முடிவெடுக்காத இடத்தில் எழுதுகிறவர் தன் பாட்டில் ஒரு பெயரையோ திகதியையோ போடக்கூடாது. அது இன்னொரு பொய். வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்ட வேணும்.

அனுப்ப முன், கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் வரைவைக் குடுத்து, ‘ஆர், என்ன, எப்ப?’ என்று மட்டும் கேளுங்கோ. கூட்டத்தில் இருந்தவர் ஞாபகத்தில் இருந்து பதில் சொல்லுவார். வராதவருக்கு எழுதினது மட்டும்தான் தெரியும். அவர் தடுமாறுகிற இடத்தில்தான் உங்கட வேலை நிற்கப்போகுது.