நிகரத்தை மட்டும் அளந்த வேலி

வர்த்தக நிறுவனங்களில் பொதுவாக ஒவ்வொரு வர்த்தகருக்கும் இரண்டு கட்டுகள் உண்டு. எவ்வளவு வாங்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு இழந்ததும் கையிருப்பை விற்று வெளியேற வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கணினியில் பதிவான கணக்கை மட்டுமே பார்க்கின்றன. பிரான்ஸின் சொசியெத்தே ஜெனரால் வங்கியில் நடந்தது இதைக் காட்டுகிறது.

அந்த வங்கியின் வர்த்தகர் ழெரோம் கெர்வியேல் இருந்த குழு முழுவதற்கும் வரம்பு 12.5 கோடி யூரோ. 2008 ஜனவரியில் அவர் ஒருவர் கையில் மட்டும் சுமார் 5,000 கோடி யூரோ மதிப்புள்ள பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்கள் இருந்தன. அந்த வரம்பு, வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்த நிகரத்தையே அளந்தது. அவர் உண்மையான வாங்கல்களுக்கு எதிராகப் பொய்யான விற்பனைகளைப் பதிவு செய்தார். எதிர்த்தரப்பின் உறுதிச் சீட்டு கேட்கப்படும் முன்பே அந்தப் பொய்ப் பதிவை ரத்து செய்து வேறொன்றைப் பதிந்தார். நிகரம் சிறிதாகவே தெரிந்ததால் இழப்புக் கட்டும் விழிக்கவில்லை. வங்கி அந்த ஒப்பந்தங்களை மூன்று நாளில் விற்றபோது நஷ்டம் 490 கோடி யூரோ.

நிகர வரம்போடு மொத்த அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரத்தான பதிவுகளை எண்ண வேண்டும். சந்தைக்குக் கட்டிய ஈட்டுத்தொகையைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் பொய்ப் பதிவுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. இந்தச் சரிபார்ப்பைச் செய்பவர், அந்தக் குழுவின் லாபத்தில் போனஸ் வாங்காதவராக இருக்க வேண்டும்.