மோதிரத்துக்கு எந்தக் கல்?

தங்கைக்கு நிச்சயதார்த்தம். ஒற்றைக் கல் மோதிரம் வாங்க வேண்டும். தங்கத்துக்கும் செய்கூலிக்கும் போக, கல்லுக்கென்று அண்ணன் கையில் மிஞ்சுவது 15,000 ரூபாய். கடையில் மூன்று கற்களை எடுத்து வைக்கிறார்கள்: வைரம், மொய்சனைட், அமெரிக்கன் டைமண்ட். விளக்கொளியில் மூன்றும் கண்ணைப் பறிக்கின்றன. எதை வாங்குவது?

அமெரிக்கன் டைமண்ட் என்பது வைரமே அல்ல. கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல்லுக்கு நம் ஊர்ப் பெயர் அது. மொய்சனைட்டும் இன்று ஆய்வுக்கூடத்தில் தயாராவதுதான். 1893-ல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் இதைக் கண்டெடுத்த மொய்சான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரே கல்லுக்கு வந்தது.

ஜொலிப்பில் முந்துவது மொய்சனைட். வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும். அதனால் வெயிலில் வானவில் போல மின்னும். வைரத்தில் வெண்ணிற ஒளி தூக்கலாக இருக்கும். புதிதாக இருக்கும்போது அமெரிக்கன் டைமண்டும் இவற்றுக்கு அருகில் நிற்கும்.

வித்தியாசம் போகப் போகத்தான் தெரியும். கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, மொய்சனைட் 9.25, அமெரிக்கன் டைமண்ட் 8 முதல் 8.5 வரை. தினமும் பாத்திரம் தேய்த்து, பஸ் கம்பியைப் பிடிக்கும் கையில் அமெரிக்கன் டைமண்டின் விளிம்புகள் மழுங்கி, மேலே கீறல் விழுந்து, கல் மங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் வைரமும் மங்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு திரும்பினால் அழுக்கு, திரும்பாவிட்டால் தேய்மானம்.

இனி விலை. 15,000 ரூபாய்க்குச் சின்னஞ்சிறு இயற்கை வைரம்தான் கிடைக்கும். ஆறரை மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு கேரட் வைரம் போலத் தோன்றும் மொய்சனைட் இந்தப் பணத்துக்குள் அடங்கும். அதே அளவு அமெரிக்கன் டைமண்டுக்குச் சில நூறு ரூபாய் போதும். திருப்பிக் கொடுக்கும்போது கல்லுக்கு ஓரளவு பணம் தருவது இயற்கை வைரம் மட்டுமே. அதுவும் வாங்கிய விலைக்குக் குறைவாகவே.

ஆகவே, தினமும் அணியும் மோதிரத்துக்கு அண்ணன் மொய்சனைட் வாங்கலாம். விசேஷங்களுக்கு மட்டும் போடும் தோடு, நெக்லஸுக்கு அமெரிக்கன் டைமண்ட் தாராளம். கை அளவுக்கு உரசல் படாத இடங்கள் அவை.

ஒரு எச்சரிக்கை. குறைந்த விலைக்கு வைரம் என்று யாராவது நீட்டினால், வெப்பத்தை மட்டும் அளக்கும் டெஸ்டர் ‘பீப்’ என்றதும் நம்பிவிடாதீர்கள். மொய்சனைட்டும் வைரம் போலவே வெப்பத்தைக் கடத்துவதால் அதற்கும் அது ஒலிக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால், அது வைரம் இல்லை.