மூன்று சொல்லில் நடுச்சொல்

போன மாதம் பாரிஸுக்குப் பக்கத்திலிருந்து, காலஞ்சென்ற என் நண்பரின் மகள் போன் செய்தாள. அப்பாவின் முதலாண்டு நினைவு நாள் வருகிறது, புதுச்சேரியில் உள்ள உறவினர்களுக்கு ஓர் அட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். அதில் போடுவதற்குப் புத்தர் சொன்ன ஒரு வரியை அங்கே சிநேகிதி ஒருத்தி பிரெஞ்சில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். "தூத்தே ஆம்பெர்மனான்." எல்லாம் நிலையற்றது என்று பொருள்.

"பெரியப்பா, இதைத் தமிழ்ல நீங்கதான் எழுதித் தரணும். ஆனா படிக்கப் படிக்க மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அப்பாவும் அவர் செஞ்சதும் ஒண்ணுமே இல்லேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எத்தனையோ சாவு வீடுகளில் "எல்லாம் அநித்தியம்" என்று நானே பெரிய மனிதர் போலச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போவதற்காகப் பாலி இலக்கணம் படித்தவன் நான். மூல வரியை அன்றுதான் நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். அது தம்மபதத்தில் 277-ஆம் பாடலின் தொடக்கம். மொத்தம் மூன்றே சொற்கள்: சப்பே, சங்காரா, அநிச்சா.

சப்பே என்பது வடமொழி 'சர்வே'. 'எல்லா' என்று பொருள். இந்தச் சிறிய சொல்தான் மற்ற இரண்டுக்கும் சாவி. 'சங்காரா', 'அநிச்சா' என்று ஆகாரத்தில் முடிவதைப் பார்த்தால் பெண்பால் ஒருமையோ என்று தோன்றும். ஆனால் 'சப்பே' என்ற ஏகார முடிவு ஆண்பால் பன்மைக்கு உரியது. ஆகவே மூன்றுமே ஆண்பால் பன்மை. பிரெஞ்சுப் பள்ளியில் பெயருக்கேற்ப அடைமொழியின் வாலை மாற்ற மறந்து குட்டு வாங்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். இன்னொன்று, வரியில் வினைச்சொல்லே கிடையாது. பிரெஞ்சுக்காரர் 'சோன்' என்று ஒன்றைச் சேர்க்காமல் இதைச் சொல்ல முடியாது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. "அவர் நல்லவர்" என்கிறோமே, அந்த அமைப்புதான்.

இனி நடுச்சொல். சூரசங்காரம் பார்த்து வளர்ந்த நமக்குச் 'சங்காரம்' என்றால் அழிப்பது. பாலி 'சங்காரா' அதற்கு நேர் எதிரானது. நம் சங்காரம் வடமொழி 'சம்ஹாரம்'. பாலியினுடையது 'சம்ஸ்காரம்'. 'சம்' என்றால் கூட, ஒன்றாக. பின்பகுதி 'செய்' என்னும் வினையிலிருந்து வந்தது. ஆக, கூட்டிச் செய்வது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'க' என்பதால் வந்த குழப்பம் இது. சாவு வீட்டில் இந்த வரியைக் கேட்பவர் "எல்லாம் சங்காரம், எல்லாம் அநித்தியம்" என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்தச் சொல் செய்வதையும் குறிக்கும், செய்யப்பட்டதையும் குறிக்கும். பிரெஞ்சில் விளக்கப் புகுந்தால் இதற்கே ஒரு பக்கம் ஆகும். தமிழில் 'சமையல்' என்று சொன்னால் போதும். "சமையல் நடக்கிறது" என்றால் வேலை, "சமையல் ருசியாக இருக்கிறது" என்றால் பண்டம். மணிமேகலையில் பன்னிரு நிதானங்களைச் சொல்லும்போது சாத்தனார் இதே சொல்லைச் 'செய்கை' என்று தமிழாக்கியிருக்கிறார். அங்கே அது பேதைமையால் பிறக்கும் வினை. நம் வரியில் சமையலின் இரண்டாம் பொருள், அதாவது பலவும் கூடி உண்டான பண்டம்.

பிரெஞ்சில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குக் 'கொம்போசே' என்று போடுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஈய எழுத்து அச்சகம் ஞாபகம் வந்தது. அலுவலக அறிவிப்புகளுக்கு ப்ரூஃப் திருத்த நான் அங்கே போவதுண்டு. கம்பாசிட்டர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்த்துப் பக்கம் கட்டுவார். அச்சாகி முடிந்ததும் நூலை அவிழ்த்து, எழுத்துகளை அந்தந்த அறையில் திரும்பப் போடுவார். பக்கம் போய்விட்டது. யாரும் அதை நெருப்பில் போடவில்லை. கோர்த்ததால் உண்டானது, கோர்ப்பு விட்டதும் இல்லாமல் போயிற்று. எழுத்துகளாவது நிலையா என்றால், அதுவும் இல்லை. அவை ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றையும் உருக்கிச் சேர்த்த கலவை. தேய்ந்தால் மறுபடி உலைக்குப் போகும். வரி சொல்வது இதைத்தான். நிலையாமைக்குக் காரணத்தை அந்த நடுச்சொல்லே தன்னுள் வைத்திருக்கிறது.

"எல்லாம் அநித்தியம்" என்ற தமிழாக்கம் தவறு என்று நான் சொல்வது இதனால்தான். அது நடுச்சொல்லை விழுங்கிவிட்டுக் காரணமில்லாத ஒரு புலம்பலை மட்டும் மிச்சம் வைக்கிறது. அதோடு, வரி 'எல்லாம்' என்று சொல்லவும் இல்லை. தம்மபதத்தில் அடுத்த இரண்டு பாடல்களையும் சேர்த்துப் பாருங்கள். 278-இல் சங்காரங்கள் எல்லாம் துக்கம் என்று வருகிறது. 279-இல் மட்டும் சொல் மாறுகிறது. அங்கே 'தம்மா' எல்லாம் தன்னுடைமை அற்றவை என்கிறார். எதனாலும் கூட்டிச் செய்யப்படாத நிப்பானத்தையும் அதில் அடக்க வேண்டியிருந்ததால்தான் இன்னும் அகலமான சொல் என்று தேரவாத உரைகாரர்கள் விளக்குவார்கள். ஒரே பொருளானால் சொல்லை மாற்றவே தேவையில்லையே! பாஷையில் கை வைத்தவர்களுக்கு இதெல்லாம் சில்லறை விஷயமில்லை.

கடைசிச் சொல் அநிச்சா. 'அ' என்ற மறுப்போடு 'நிச்ச'. வடமொழி 'நித்ய' பாலியில் 'நிச்ச' ஆகும், 'சத்ய' 'சச்ச' ஆவதுபோல. 'எப்போதும்' என்ற பொருளில் நம் பழந்தமிழில் வரும் 'நிச்சல்' கிட்டத்தட்ட இதே ஓசைதான். சிலர் இதை 'அன்' என்றும் 'இச்சா' என்றும் பிரித்து, 'நம் இச்சைப்படி இராதது' என்று பொருள் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, நானும் கொஞ்ச நாள் மயங்கினேன். ஆனால் இச்சை என்னும் பாலிச் சொல்லில் அழுத்தி மூச்சுவிட்டுச் சொல்லும் 'ச்ச' வரும். இது சாதா 'ச்ச'. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டையும் மறைத்துவிடுகிறது. தவிர, சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் செய்த இரண்டாவது உபதேசத்தில் புத்தர் "உருவம் நிச்சமா, அநிச்சமா?" என்ற வகையில்தான் கேட்கிறார். எதிர்ச்சொல் பக்கத்திலேயே நிற்கிறது.

அநிச்சா என்றால் 'நிலைத்திராதது', அவ்வளவுதான். 'இல்லாதது' அல்ல. இல்லை என்று சொல்லப் பாலியில் 'நத்தி' என்று தனிச்சொல் இருக்கிறது. இந்த வரியில் அது வரவில்லை.

இதைத்தான் முதலில் நண்பரின் மகளிடம் சொன்னேன். "உங்க அப்பா ஒண்ணுமில்லேன்னு இந்த வரி சொல்லலேம்மா. பலதும் கூடி உண்டானவர், அந்தக் கூட்டு கலைஞ்சு போச்சு, அவ்வளவுதான் சொல்லுது."

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியும் போனது போனதுதானே பெரியப்பா?" என்றாள்.

"ஆமாம்மா. அதை மாத்திச் சொல்ல எந்த இலக்கணத்தாலேயும் முடியாது" என்றேன்.

மேலே பாலி வரி தமிழ் எழுத்தில், கீழே "கூட்டிச் செய்தவை எல்லாம் நிலைத்திராதவை" என்று எழுதி அனுப்பினேன். 'கூடியவை' என்று போட்டால் ஓசை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் 'செய்' என்ற பகுதி போய்விடும் என்று விட்டுவிட்டேன். அவளுக்குப் பிடித்திருந்தது. இங்கே ஒரு கடையில் கொடுத்தோம். மறுநாள் கடைப் பையன் போன் செய்தான்.

"சார், சங்காரான்னு தப்பா இருக்கு. சங்காரம்னு திருத்திடட்டுங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு ப்ரூஃப் பார்க்க நேரிலேயே கிளம்பிவிட்டேன்.