முதல் நாள் ஐம்பது மெயில் போதும்

சிம்போசியம் தேதி முடிவாகி, புது டொமைன் வாங்கி, வெப்சைட்டும் ரெடியானதும் டீம்ல கட்டாயம் ஒருத்தர் சொல்வார்: "கையில 4,500 மெயில் ஐடி இருக்கு, இன்னைக்கு நைட்டே எல்லாருக்கும் இன்விடேஷன் தட்டிடலாம்." உங்க டீம்ல இப்படி யாராவது சொன்னா தடுத்துடுங்க. அதே 4,500 மெயிலைப் பத்து நாளாகப் பிரித்து அனுப்புவதுதான் சரி என்பது என் கருத்து.

ஜிமெயில் பக்கம் இருந்து கொஞ்சம் பாருங்க. நேற்று வரை இந்த டொமைனில் இருந்து ஒரு மெயில்கூட வந்ததில்லை. இன்று திடீரென்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. ஸ்பேம் அனுப்புகிறவர்களும் அச்சு அசலாக இதைத்தான் செய்கிறார்கள்: டொமைன் வாங்கு, ஒரே நாளில் அனுப்பு, தூக்கிப் போடு. நீங்க நல்லவங்கன்னு அந்த சர்வருக்கு எப்படித் தெரியும்? பழைய வரலாறு எதுவும் இல்லாததால், உங்க முதல் சில நாள் நடத்தையை வைத்துத்தான் அது முடிவு செய்யும்.

4,500 பேருக்கு ஒரு கணக்கு இப்படிப் போடலாம். முதல் ஏழு நாள்: 50, 100, 150, 250, 350, 500, 700. கடைசி மூன்று நாளும் 800. கூட்டிப் பாருங்க, சரியா வரும். இது யாரும் விதித்த சட்டம் இல்லை. மெதுவா ஏறணும் என்பதுதான் விஷயம். ஒரு நாளுக்கான 350-ஐயும் ஒரே நிமிடத்தில் தள்ளாமல், மணிக்கு 50 வீதம் ஏழு மணி நேரத்துக்குப் பரப்பிடுங்க.

எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். முதல் 50 பேர் யார்? போன வருஷம் கலந்துக்கிட்டவங்க, தகவல் அனுப்பச் சொல்லி ஐடி கொடுத்தவங்க. அவங்க திறந்து படிப்பாங்க, சிலர் பதில் போடுவாங்க. இதெல்லாம் உங்க டொமைனுக்குக் கிடைக்கும் நற்சான்று. எங்கிருந்தோ கிடைத்த எக்செல் ஷீட்டில் இருக்கும் ஐடிகளை முதல் நாளில் மட்டுமல்ல, பத்தாம் நாளிலும் தொடாதீங்க. மெதுவா அனுப்பினாலும் மோசமான லிஸ்ட் மோசமான லிஸ்ட்தான்.

தினமும் காலையில் முந்தைய நாள் பதிவைத் திறந்து பாருங்க. `421 4.7.28` மாதிரி 4-ல் தொடங்கும் பதில் வந்தால், "இப்ப வேண்டாம், அப்புறம் வா" என்று அர்த்தம். மெயில் சர்வர் தானாகவே மறுபடி முயற்சி செய்யும். நீங்க பதறிப்போய் கையால திரும்ப அனுப்பினா அதே ஆளுக்கு இரண்டு மெயில் போகும். அன்றைய எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்தப் பதில் நின்ற பிறகு ஏறுங்க. 5-ல் தொடங்கினால் முடிவான மறுப்பு. ஐடியே இல்லை என்று சொன்னால் லிஸ்டிலிருந்து நீக்கிடுங்க.

ஆனால் ஸ்பேம் ஃபோல்டருக்குப் போன மெயில், பதிவில் "போய்ச் சேர்ந்தது" என்றுதான் காட்டும். அதனால ரெஜிஸ்ட்ரேஷன் லிங்க்கை எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று, ஜிமெயில் தனி, அவுட்லுக் தனி எனப் பிரித்துப் பாருங்க. ஒன்றில் மட்டும் திடீரென விழுந்தால் அங்கேதான் சிக்கல். மற்றதை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகத்தான் மதிப்பெண் போடுகிறது.

இதற்கெல்லாம் முன்னாடி எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைனில் அமைத்திருக்கணும். மெயில் உண்மையிலேயே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டும் அடையாள அட்டை அது. மெயிலுக்குள்ளே விலகும் லிங்க்கும் தெளிவாக இருக்கட்டும். வேண்டாதவர் அதைத் தேடிக் கிடைக்காமல் "ஸ்பேம்" பட்டனை அமுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். முதல் நாள் 50 பேரில் ஒருவர் அமுக்கினாலே 2 சதவீதம்!

"பத்து நாளுக்கு எங்க போறது, டைம் இல்லையே?" என்பீங்க. இன்விடேஷனை மட்டும் நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனா பணம் கட்டினவருக்கு ரசீது, ஊரிலிருந்து கிளம்புறவருக்கு ஹால் விவரம், முடிந்த பின் சர்டிஃபிகேட் எல்லாமே அதே டொமைனில் இருந்துதான் போகும். இன்விடேஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கினால், காசு கட்டிட்டு ரசீதுக்காகக் காத்திருக்கிறவரோட மெயிலும் சேர்ந்து ஸ்பேமுக்குப் போகும். அதனால போஸ்டர் டிசைன் முடியட்டும் என்று காத்திருக்காதீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் கடைசி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது மூன்று வாரம் முன்னாடியே அந்த முதல் 50-ஐ அனுப்பிடுங்க. நடுவில் ரெண்டு நாள் தடங்கல் வந்தாலும் சமாளிச்சிடலாம்.