கவுச்சி வாடையும் வெந்தய வாசனையும்

வாலாஜாபேட்டையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்கார அம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிஎச்.டி. படிக்கிறேன் என்றதும் சந்தோஷப்பட்டார், அட்வான்ஸ் எவ்வளவு என்று சொன்னார், மாடி போர்ஷனைத் திறந்து காட்டினார். படி இறங்கும்போதுதான் கேட்டார். "நீங்க என்.வி.யாம்மா?" ஆமாம் என்றேன். வீட்டில் சமைக்க மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன், வீடு அவ்வளவு பிடித்திருந்தது. "சமைக்கலன்னாலும் சாப்பிடறவங்க உடம்புலயே அந்தக் கவுச்சி வாடை வரும்மா. வேர்வையில தெரிஞ்சிடும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

வீடு கிடைக்காதது எனக்குப் புதிதில்லை. வழக்கமாக அடுப்பைச் சொல்லி மறுப்பார்கள். இவர் உடம்பைச் சொன்னார். அடுப்பை அணைத்துவிடலாம், உடம்பை என்ன செய்வது? என் துறை சமூகவியல், வேதியியல் அல்ல. ஆனாலும் அந்த அம்மா சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. சில வாரம் இதையே படித்தேன்.

முதலில் வியர்வை. சுரக்கும்போது அதற்கு அநேகமாக மணமே இல்லை. உடம்பு முழுக்க வெயிலுக்கு வழிவது உப்புத் தண்ணீர். அக்குளில் வேறொரு வகைச் சுரப்பியும் இருக்கிறது. அதிலிருந்து வரும் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அப்போது பிறக்கும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாம் 'வேர்வை நாத்தம்' என்பது. அந்த அமிலங்களில் முக்கியமான ஒன்றின் மணத்தை ஆய்வாளர்கள் சீரகத்தோடு ஒப்பிடுகிறார்கள். சீரகத்தையே பார்க்காதவர் அக்குளிலும் அது இருக்கும். வெளிநாடுகளில் நம் ஆட்கள் மீது 'மசாலா வாடை' வீசுகிறது என்று சொல்கிறவர்கள் சில சமயம் முகர்வது எல்லா மனிதருக்கும் பொதுவான இந்த அமிலத்தைத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்குள் வாடை பலமா லேசா என்பதைத் தீர்மானிப்பதில் ஒரு மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் ஒரு வடிவம் இருப்பவர்களுக்குக் காதுக்குறும்பி உலர்ந்திருக்கும், அக்குள் வாடையும் மிகக் குறைவு. கொரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். அவர்கள் உணவில் பூண்டுக்கும் மாட்டுக்கறிக்கும் குறைவில்லை.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு அம்மா ஒரு முழுப் பூண்டை உரித்து இஞ்சியோடு நசுக்குவார். நசுக்கும்போதுதான் பூண்டின் வேதியியல் தொடங்குகிறது. செல்கள் உடைந்து நொதியும் அதன் இரையும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அது வயிற்றுக்குள் போய்ப் பலவாக மாறுகிறது. அவற்றில் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற ஒன்றைக் குடலும் ஈரலும் சீக்கிரம் சிதைப்பதில்லை. அது ரத்தத்தில் ஏறி மூச்சிலும் சிறுநீரிலும் தோல் வழியாகவும் வெளியேறுகிறது. பல் தேய்த்தாலும் பூண்டு வாடை போகாததற்குக் காரணம் இதுதான், அது வாயிலிருந்து வரவில்லை, நுரையீரலிலிருந்து வருகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பூண்டை நசுக்காமல் முழுப் பல்லாக வேகவைத்தால் நொதி வெப்பத்தில் செத்துவிடும், வாடையும் குறையும். இதில் வேடிக்கை, செக் நாட்டு ஆய்வாளர்கள் ஆண்களுக்குப் பூண்டு கொடுத்து, அவர்கள் அக்குளில் வைத்த பஞ்சைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார்கள். ஆறு கிராம் பூண்டில் வித்தியாசமே தெரியவில்லை. பன்னிரண்டு கிராம், அதாவது பெரிய பல்லாக மூன்று நான்கு, சாப்பிட்டவர்களின் வாடை இதமாக இருப்பதாகப் பெண்கள் மதிப்பெண் போட்டார்கள். 2016இல் வெளியான ஆய்வு இது. மூச்சு நாறலாம், அக்குள் நாறுவதாகக் காணோம்.

குழம்பில் விழும் மிளகாய் வேர்க்க வைக்கும். நெற்றியில் வழியும் அந்த வேர்வை வெறும் தண்ணீர். பட்டை, சோம்பு, தாளித்த எண்ணெயின் ஆவி தலைமுடியிலும் துணியிலும் ஒட்டும். தலைக்குக் குளித்துத் துணியை மாற்றினால் போய்விடும் வாடை அது, வியர்வையோடு சம்பந்தமில்லாதது.

இனிக் கறி. வீட்டுக்கார அம்மாவுக்குச் சாதகமான ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2006இல் பிராக் நகரில் 17 ஆண்களை எடுத்தார்கள். இரண்டு வாரம் சிலருக்குச் சிவப்பு இறைச்சியோடு உணவு, சிலருக்கு இறைச்சி இல்லாத உணவு. கடைசி ஒரு நாள் அக்குளில் பஞ்சு. ஒரு மாதம் கழித்து அதே ஆட்கள் உணவை மாற்றிக்கொண்டார்கள். முகர்ந்த 30 பெண்கள், இறைச்சி இல்லாத நாட்களின் வாடை சற்று இதமானது, லேசானது என்றார்கள். கவனமாகச் செய்த ஆய்வுதான், ஆனால் ஆட்கள் 17 பேர், வித்தியாசம் சராசரியில். 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில் இதற்கு நேர்மாறு. காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டவர்களின் வியர்வை நன்றாக இருந்தது. அதோடு கொழுப்பும் இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டதாக எழுதிக் கொடுத்தவர்களின் வியர்வையும் நன்றாகவே இருந்தது. மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களின் வியர்வைதான் பலமாகவும் பிடிக்காததாகவும் இருந்ததாம். சோறும் இட்லியும் உண்பவர்களுக்கு வீடு இல்லை என்று யாராவது போர்டு மாட்டலாம். இதிலும் உணவுக் கணக்கு அவரவர் சொன்னதுதான், இதையும் வேதவாக்காக எடுக்க முடியாது. தெருவில் போகிறவர் வியர்வையை முகர்ந்து அவர் போன ஞாயிறு ஆடு சாப்பிட்டாரா மாடு சாப்பிட்டாரா பருப்பு சாப்பிட்டாரா என்று சொல்ல முடியும் என இரண்டு ஆய்வும் காட்டவில்லை.

பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, வெந்தயம். உடம்பின் மணத்தைச் சந்தேகமில்லாமல் மாற்றும் பொருள் இதுதான். வெந்தயத்தில் சோட்டோலோன் என்ற சேர்மம் உண்டு. மிகக் கொஞ்சமாக இருந்தாலும் மூக்குக்கு எட்டிவிடும், காய்ச்சிய வெல்லப்பாகு போன்ற மணம். வெந்தயம் தின்றவரின் சிறுநீரிலும் வியர்வையிலும் அந்த மணம் தெளிவாக வரும். மேப்பிள் பாகு சிறுநீர் நோய் என்று பிறந்த குழந்தைகளுக்கு வரும் ஆபத்தான ஒரு பிறவி நோய் இருக்கிறது, அதன் அடையாளமும் இதே மணம்தான். பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் சாப்பிட்டதால் பிறந்த குழந்தைமேல் அந்த மணம் வீச, மருத்துவர்கள் நோயோ என்று பயந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது ஒரு மர்மமான இனிப்பு மணம் பரவி மக்கள் போன் போட்டுப் புகார் சொன்னார்கள். 2009இல்தான் கண்டுபிடித்தார்கள், ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் ஓர் ஆலை.

அந்த வீட்டுச் சமையல் மேடையில், மோர் ஊற்றிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு டம்ளரில் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது. "சுகரும்மா, தினம் ஒரு ஸ்பூன்" என்று அவரே சொல்லியிருந்தார். மாடிப்படியில் அவர் எனக்கு முன்னால் ஏறியபோது லேசாக ஒரு பாகு மணம் வந்தது நினைவிருக்கிறது. அன்று அது எதன் மணம் என்று எனக்குத் தெரியாது. உணவு வியர்வையில் தெரிந்தது உண்மைதான், அவருடைய வியர்வையில். அதை யாரும் வாடை என்று சொல்வதில்லை. இட்லி மாவில் வந்தால் அது வாசனை. நம் மொழியிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. நாற்றம் என்பது ஒருகாலத்தில் நறுமணத்துக்கும் பொதுவான சொல்லாக இருந்தது. இன்று வாசனை ஒரு தெருவுக்கு, நாற்றம் இன்னொரு தெருவுக்கு. கவுச்சி என்ற சொல்லோ வாடையையும் உணவையும் அதைச் சாப்பிடுகிறவரையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது.

சொல் மூக்கை ஆள்கிறது என்பது உவமை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் 2005இல் வெளியான ஒரு பரிசோதனையில் வியர்வையிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கும் ஓர் அமிலத்தை முகரக் கொடுத்தார்கள். திரையில் 'செடார் சீஸ்' என்று எழுதிக் காட்டியபோது மணம் நன்றாக இருக்கிறது என்றவர்கள், 'உடல் நாற்றம்' என்று காட்டியபோது அதே மணத்தைப் பிடிக்கவில்லை என்றார்கள். மூளையில் மணத்தின் இன்பத்தை அளக்கும் பகுதியின் செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மாவும் சொல்லியிருக்க மாட்டார். என் தெருவின் பெயரைக் கேட்டதும் அவர் மூக்கு வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

எங்கள் ஆட்கள் மீது ஒரு வாடை இருந்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்பா ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். முடியை நீக்கத் தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்ஃபைடிலும் ஊறப்போடுவார்கள். அந்தக் கரைசலில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம். அப்பாவின் சட்டையை வாசலுக்கு வெளியில்தான் கழற்றி மாட்டுவார், நாங்கள் மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தாலும் அந்தச் சட்டை அப்படித்தான் நாறியிருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடிக்கும் வாயு அது. நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும், வாடை நின்றுவிட்டதாகத் தோன்றும். அப்போதுதான் உள்ளே இருப்பவர் சாகிறார். தொட்டி சுத்தம் செய்ய இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்களின் செய்தி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. வேலையின் வாடையைச் சாப்பாட்டின் வாடையாகவும், சாப்பாட்டின் வாடையைப் பிறப்பின் வாடையாகவும் ஊர் மாற்றிக்கொண்டது. அப்படி மாற்றிக்கொண்டால் தொட்டிக்குக் காற்றுக் குழாயும் முகக்கவசமும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விட்ட ஃபெர்கஸ் வில்சன் என்பவர், குடியிருந்துவிட்டுப் போனபின் கறிக்குழம்பு வாடை தங்கிவிடுகிறது, ஆகவே வெள்ளையரல்லாதவர்களுக்கு வீடு வேண்டாம் என்று தன் ஏஜெண்டுகளுக்கு எழுதினார். 2017இல் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தடை விதித்தது. அவர் நிறத்தை எழுத்தில் சொன்னதால் மாட்டிக்கொண்டார். நம்மிடம் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தீண்டாமையின் பேரில் குடியிருப்பதைத் தடுப்பது அதன்படி குற்றம். ஆனால் என் வீட்டுக்கார அம்மா சாதி என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. வேர்வை என்றார், தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். அந்த உரையாடலை எந்தக் காவல் நிலையத்தில் எழுதித் தருவது?

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தது. கீழ்வீட்டு பாய் கேட்ட ஒரே கேள்வி, மோட்டார் எத்தனை மணிக்குப் போடணும் என்பதுதான்.