வரவில்லை என்று ஒரு கடிதம்

வேலை கேட்டு விண்ணப்பம் எழுத நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பயோடேட்டா தயாரிக்கவும், இன்டர்வியூவில் உட்காரவும்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுத மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஒரு வேலை கிடைக்கிறதே குதிரைக் கொம்பு, இதுல வேண்டாம்னு வேற எழுதணுமா?" என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் இறுதியாண்டு முடியும் சமயத்தில் நாம் ஒரு இடத்துக்கு மட்டுமா போகிறோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒன்று, காக்களூர் தொழிற்பேட்டையில் ஒன்று, கல்லூரிக்கே வருகிற கம்பெனி ஒன்று என்று போகிறோம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு ஆஃபர் லெட்டர் வருவது நம் வகுப்பிலேயே நடந்திருக்கிறது. ஒன்றுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. மற்றொன்றை என்ன செய்வது?

பெரும்பாலோர் ஒன்றும் செய்வதில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை, சேரும் நாளன்று போவதில்லை. நான் இதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எனக்கு இந்த வருடம் அப்படி இரண்டு வந்தன. கும்மிடிப்பூண்டியில் ஒரு டை காஸ்டிங் கம்பெனியில் டூல் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு எடுத்தார்கள். நான் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் காக்களூர் கம்பெனியிலிருந்து குவாலிட்டி இன்ஸ்பெக்ஷனுக்கு ஆஃபர் வந்தது. அவர்களுக்கு எழுத உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்: "போகலன்னா அவங்களுக்கே தெரிஞ்சிடும்பா. இதுக்கு எதுக்கு லெட்டரு?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். காலை ஆறரைக்கெல்லாம் பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போய் நிற்பார்கள். ஒரு ஆள் வரவில்லை என்றால் மேஸ்திரி பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. வராதவன் மீது கோபமும் இல்லை, நாளைக்கு வந்து நின்றால் வேலை உண்டு. எங்கள் வீட்டில் வேலை என்பது இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. கடிதம் எழுதி வேலையில் சேர்ந்தவரும் இல்லை, எழுதி விலகியவரும் இல்லை.

ஆனால் கம்பெனியில் வரிசை வேறு மாதிரி நிற்கிறது. நான் அப்பாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நான்கு பேர் தேவை என்றால் நான்கு பேருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று பேரை வெயிட்டிங் லிஸ்டில் வைத்திருப்பார்கள். நாம் ஒன்றும் சொல்லாதவரை அந்த லிஸ்ட் நகராது. நம் பெயரில் ஷிஃப்ட் போடுவார்கள், கேட்டில் பெயர் கொடுப்பார்கள், சேஃப்டி ஷூ சைஸ் எழுதி வைப்பார்கள். சேரும் நாளன்று வராவிட்டால் இரண்டு மூன்று நாள் போன் செய்து பார்ப்பார்கள். அதன் பிறகுதான் வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்குள் அவன் காத்திருந்து சலித்து, எங்கேயாவது கான்ட்ராக்டரிடம் தினக் கூலிக்குப் போயிருப்பான். ஒரே இன்டர்வியூவில் நம்மோடு உட்கார்ந்தவன்தானே அவன்? பாதிப் பேர் நம் கல்லூரிக்காரர்களாகவே இருப்பார்கள். நாம் எழுதும் கடிதம் பர்சனல் ஆபீசருக்குப் போனாலும், அதனால் வேலை கிடைப்பது இந்தப் பையனுக்கு. ஆகவே மரியாதையைவிட முக்கியமானது நாள். முடிவு எடுத்த அன்றே எழுத வேண்டும்.

அதே நாளில் எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் ஒப்புக்கொண்ட வேலை எழுத்தில் கையில் இருக்கிறதா? "நீ செலக்ட் தம்பி, வந்துடு" என்று போனில் சொன்னது ஆஃபர் ஆகாது. லெட்டர் கம்பெனியின் பெயரில் இருக்கிறதா, ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் பெயரில் இருக்கிறதா என்று மேலே அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி, கையெழுத்து இத்தனையும் இருந்த பிறகே மற்றதை விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் போய்விடும். நம் வீட்டு நிலைமையில் அது விளையாட்டல்ல. கல்லூரி மூலமாக வந்த ஆஃபர் என்றால் பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. கம்பெனிக்காரர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கும்போது அவர் விழிக்கக்கூடாது.

இனி கடிதம். நான் ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். அதன் தமிழ் வடிவம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் பிரிவில் பயிற்சியாளராகச் சேரும்படி தாங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர் கிடைத்தது. மிக்க நன்றி. இதற்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் வேலையை ஏற்று எழுதிக் கொடுத்துவிட்டபடியால், தங்கள் நிறுவனத்தில் நான் சேர இயலாது. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்டர்வியூ அன்று தங்கள் பிரிவு அதிகாரி உயர அளவுமானியில் அளந்து காட்டச் சொல்லி, பொறுமையாக விளக்கியதை நன்றியோடு நினைக்கிறேன். ஒரு வருடப் பயிற்சி முடிந்த பிறகு தங்கள் நிறுவனத்தில் இடம் இருந்தால், புதிதாக விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,"

கீழே பெயர், பிரிவு, கல்லூரி, போன் நம்பர். மேலே பொருள் என்ற இடத்தில் ஆஃபர் லெட்டரின் எண்ணும் தேதியும். அவ்வளவுதான்.

"சேர இயலாது" என்ற வார்த்தைக்கு நான் அரை மணி நேரம் செலவழித்தேன். முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் "தற்சமயம் சேர இயலாத நிலையில் உள்ளேன்னு போடு, மரியாதையா இருக்கும்" என்றார். மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்கிறவருக்கு வேறு அர்த்தம் வரும். பையன் தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, "எப்போது வர முடியும்?" என்று பதில் போடுவார். வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறவன் மறுபடியும் காத்திருப்பான். பிறகு ஒரு நாளைக்குப் போக வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக முடிவையே மங்கலாக எழுதக் கூடாது. முடிவு கறாராக இருக்கட்டும். உறவு தனி வாக்கியத்தில் வரட்டும்.

அந்த உறவு வாக்கியமும் பொதுவாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. "எதிர்காலத்தில் தங்களோடு பணிபுரிய ஆவலாக உள்ளேன்" என்று எல்லாரும் எழுதுவார்கள். யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு சின்ன விவரம் போட்டால், எந்தப் பையன் என்று அவர்களுக்கு ஞாபகம் வரும். எப்போது வருவாய் என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் ஒரு வருடம் என்று எழுதினேன். "எனக்காக இடம் வையுங்கள்" என்று கேட்கவில்லை, விண்ணப்பிப்பேன் என்று மட்டும் சொன்னேன். இடம் வைக்கச் சொல்லும் உரிமை நமக்கு இல்லையே.

சேரும் கம்பெனியின் பெயரையும் சம்பளத்தையும் எழுத வேண்டியதில்லை. சம்பளம் எழுதினால் ஒரு ஆபத்து உண்டு: "நாங்கள் ஆயிரம் கூடத் தருகிறோம்" என்று சொல்லிவிட்டால், நாம் கொடுத்த முதல் வார்த்தை ஆட ஆரம்பிக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவது இன்னும் மோசம். கம்பெனிகள் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் ஆள் கொண்டு வரும் கான்ட்ராக்டர் ஒருவரே நாலு கம்பெனிக்குப் போவார். நம் பெயரை வேறொரு கேட்டில் பார்த்தால் அம்மாவின் காய்ச்சல் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்திருந்தால் மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்ன நாளில் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன் என்று.

இதுவரை சொன்னது, நாம் இன்னும் சரி சொல்லாத கம்பெனிக்கு எழுதுவதைப் பற்றி. சரி சொல்லிவிட்ட கம்பெனியை விட்டு மற்றதற்குப் போக நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் இந்தக் கடிதத்தை அப்படியே காப்பி அடித்தால் போதாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 4, 5 பிரிவுகள் இதைப் பேசுகின்றன. சம்மதக் கடிதத்தைத் திங்கட்கிழமை தபாலில் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட உடனே கம்பெனி கட்டுப்பட்டுவிடுகிறது. நாம் கட்டுப்படுவது அது அவர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான். புதன்கிழமை சேருகிறது என்றால், அதற்குள் வேறு வழியில் தகவல் கொடுத்துச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சேர்ந்த பிறகு முடியாது. இப்போது நாம் ஈமெயிலில் அனுப்புகிறோமே, அதற்கு அந்த இரண்டு நாள் அவகாசமெல்லாம் கிடையாது. ஆகவே சம்மதம் போன பிறகு விலக வேண்டுமானால், ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ், பாண்டு என்று என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, அதன்படி விடுவிக்கும்படி கேட்க வேண்டும்.

அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, இடையில் விலக அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசரிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத் தவறால் ஒப்பந்தம் முறிந்தது என்றால், பயிற்சிச் செலவாக அவர் நிர்ணயிக்கும் தொகையை நாமோ, நமக்காகக் கையெழுத்துப் போட்ட கார்டியனோ கட்ட வேண்டிவரும். கார்டியன் என்றால் யார்? காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்தான். பதினெட்டு வயது முடியாதவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும், அவர்களுக்குத்தான் கார்டியன் கையெழுத்து.

என் கடிதத்துக்கு மறுநாளே பதில் வந்தது. மூன்று வரி. வாழ்த்துகள், தகவலுக்கு நன்றி, உங்கள் கல்லூரியிலிருந்து வெயிட்டிங் லிஸ்டில் இருந்த மாணவர் இன்னும் வேலை இல்லாமல் இருக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். அவன் ஊத்துக்கோட்டைப் பக்கம். வீட்டில்தான் இருந்தான். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டான், சேஃப்டி ஷூ மட்டும் எட்டாம் நம்பர், அவனுக்கு ஒன்பது வேண்டுமாம்.

கடிதத்தின் நகலையும் அந்தப் பதிலையும் மார்க் ஷீட் இருக்கும் ஃபைலிலேயே வைத்திருக்கிறேன். கம்பெனி விண்ணப்பப் படிவங்களில் "இதற்கு முன் இங்கு விண்ணப்பித்ததுண்டா?" என்று ஒரு கட்டம் வருகிறது. அடுத்த வருடம் காக்களூருக்கு எழுதினால், அதில் ஆம் என்று போட்டு, இந்தக் கடிதத்தின் தேதியை எழுதப் போகிறேன்.